38,000 ரூபாய் வட்டிக்கு 43,090 ரூபாய் வரியா?

கேள்வி: "2025-26 நிதியாண்டில் என் சம்பளம் 12,75,000. 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம், வரியே இல்லை என்று கம்பெனியில் டி.டி.எஸ். பிடிக்கவில்லை. பேங்க் வட்டி 38,000 வந்ததை ரிட்டர்னில் சேர்த்தேன். ஜூலையில் தாக்கல் செய்யப் போனால் 43,090 கட்டச் சொல்கிறது. 12 லட்சத்துக்கு மேல் 15 சதவீதம் என்றால் 5,700 தானே வர வேண்டும்? வந்த வட்டியைவிட வரி அதிகமாக எப்படி இருக்க முடியும்? புதிய முறையில்தான் இருக்கிறேன். வயது 41."

நீங்கள் கொடுத்த எண்கள் சரியாக இருந்தால், 43,090 என்பதும் சரிதான். ஆனால் அந்த "இருந்தால்" என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. உங்கள் வருமானம் நிற்கும் இடத்தில், வருமானத்தை ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் காட்டினால் வரி 1,040 ரூபாய் கூடும். அதனால் முதலில் அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்த்துவிட்டு, அப்புறம் வருமானத்தைச் சரிபார்ப்போம். வருமான வரி ரிட்டர்ன் போட்டுக்கொடுப்பது என் தொழில். இந்த வருடம் இதே கேள்வியோடு நிறைய பேர் வருகிறார்கள்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், "12 லட்சம் வரை வரி இல்லை" என்ற பேச்சில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்குத்தான் வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம், 12 முதல் 16 வரை 15 சதவீதம் என்று மேலே போகிறது. ஆக 12 லட்சம் வருமானத்துக்குக்கூட வரி கணக்கிடப்படுகிறது: இரண்டாம் படியில் 20,000, மூன்றாம் படியில் 40,000, மொத்தம் 60,000. பிறகு பிரிவு 87ஏ வந்து, மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு அந்த 60,000 ரூபாயையும் தள்ளுபடி செய்கிறது. அதாவது 12 லட்சம் என்பது வரிவிலக்கு வரம்பு அல்ல, தள்ளுபடிக்கான தகுதி வரம்பு. அந்த வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்று ஆகாது. தள்ளி வைத்திருந்த 60,000 ரூபாயும் திரும்பி வந்து நிற்கும்.

உங்கள் கணக்கில் நடந்தது அதுதான். சம்பளத்தில் 75,000 கழித்து 12,00,000. வட்டி 38,000 சேர்த்தால் மொத்த வருமானம் 12,38,000. படிப்படியாக வரி போட்டால் 20,000, 40,000, அப்புறம் கடைசி 38,000 ரூபாய்க்கு 15 சதவீதமாக நீங்கள் சொன்ன அதே 5,700. மொத்தம் 65,700. நீங்கள் போட்ட பெருக்கல் தப்பில்லை, அதற்கு அடியில் இருந்த 60,000 உங்கள் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

38,000 கூடுதலாகச் சம்பாதித்தவரிடம் 65,700 வாங்குவது நியாயமில்லை என்று சட்டத்துக்கும் தெரியும். அதற்காக அதே 87ஏ பிரிவில் விளிம்பு நிவாரணம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வரம்பைத் தாண்டிய தொகை எவ்வளவோ, வரி அதைவிட அதிகமாகக் கூடாது என்பதே அதன் சாரம். நீங்கள் தாண்டியது 38,000. எனவே வரியும் 38,000 ரூபாயோடு நிற்கிறது. மீதி 27,700 குறைக்கப்படுகிறது. ரிட்டர்னில் இதற்கென்று தனிக் கட்டத்தைத் தேட வேண்டாம், 87ஏ தள்ளுபடிக்கான இடத்திலேயே 27,700 என்று வந்திருக்கும். அங்கே பூஜ்யம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியென்றால் கணக்கு 65,700 ரூபாயிலேயே நின்றுவிட்டது, செஸ் சேர்த்து 68,328 கேட்கும். கையால் அல்லது எக்செலில் கணக்குப் போடுபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடம்தான்.

அடுத்து 4 சதவீத சுகாதார, கல்வி செஸ். இது நிவாரணம் கொடுத்த பிறகு மிஞ்சும் வரியின் மேல் ஏறுகிறது. 38,000 ரூபாயில் 4 சதவீதம் 1,520. ஆக 39,520. வட்டியைவிட வரி அதிகமாக எப்படி என்று கேட்டீர்களே, அதன் முதல் பாதி இது. நிவாரணம் வரியைத்தான் தாண்டிய தொகையோடு நிறுத்துகிறது, செஸ்ஸை நிறுத்துவதில்லை. விளைவு கொஞ்சம் அபத்தமானது: நிலையான கழிவு போக 12 லட்சம் மட்டும் உள்ளவர் கையில் 12 லட்சமும் இருக்கும், 12,38,000 உள்ள உங்களிடம் 11,98,480 இருக்கும். எனக்கும் இது சரியான ஏற்பாடாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, வெப்சைட்டின் பிழை இல்லை.

இந்த நிலைமை எவ்வளவு தூரம் நீளும் என்றும் தெரிந்துகொள்ளலாம். வரம்புக்கு மேல் வருமானம் ஏற ஏற நிவாரணம் சுருங்கிக்கொண்டே வரும். ஏறக்குறைய 12,70,588 ரூபாயில் படிக்கணக்குப்படி வரும் வரியும் தாண்டிய தொகையும் சமமாகிவிடும், நிவாரணம் அங்கே முடிகிறது. அதற்கு மேல் உள்ளவர் ஒவ்வொரு கூடுதல் நூறு ரூபாய்க்கும் செஸ் சேர்த்து 15 ரூபாய் 60 காசுதான் கொடுக்கிறார். 12 லட்சத்துக்கும் இந்தத் தொகைக்கும் நடுவில் உள்ள உங்களைப் போன்றவர்களோ ஒவ்வொரு நூறுக்கும் 104 ரூபாய் கொடுக்கிறார்கள்.

சரி, 39,520 எப்படி 43,090 ஆனது? மீதி 3,570 தாமதத்துக்கான வட்டி. டி.டி.எஸ். போக வருடத்துக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதை முன்கூட்டிய வரியாக நான்கு தவணைகளில் கட்டியிருக்க வேண்டும்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிறைந்தவர்களுக்கு இது கிடையாது, உங்களுக்கு உண்டு. நீங்கள் எதுவும் கட்டாததால் பிரிவு 234சி தவணைவாரியாக வட்டி போடுகிறது. முதல் மூன்று தவணைகளுக்கும் விடுபட்ட தொகையில் மாதம் 1 சதவீதம் வீதம் மும்மூன்று மாதங்களுக்கு, கடைசித் தவணைக்கு ஒரு மாதத்துக்கு. தொகையை நூறின் மடங்குக்குக் கீழே இறக்கித்தான் வட்டி போடுவார்கள். அப்படிப் பார்த்தால் 177, 531, 888, 395, கூட்டினால் 1,991.

இது போக பிரிவு 234பி. நிதியாண்டு முடிந்த பிறகும் வரி கட்டாமல் இருந்ததற்காக, ஏப்ரல் 1 முதல் கட்டும் மாதம் வரை மாதம் 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம்தான். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என நான்கு மாதம், 39,500 ரூபாய்க்கு 1,580. இரண்டையும் சேர்த்தால் 3,571. வரியோடு கூட்டினால் 43,091, அதைப் பத்தின் மடங்குக்குச் சரிசெய்தால் 43,090. நீங்கள் கொடுத்த எண்ணோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்துகிறது. அதனால்தான் முதலிலேயே இது சரியென்று சொன்னேன். வேறு வருமானமோ வேறு கழிவோ உள்ளே புகுந்திருந்தால் இப்படிப் பொருந்தியிருக்காது.

இதுவரை சொன்னது சட்டமும் கூட்டல் கழித்தலும், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இனிமேல் சொல்லப்போவது உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் சொல்வது. நான் சந்தேகப்படும் இடங்களைக் காட்டுகிறேன், சரிபார்க்க வேண்டியது நீங்கள்தான்.

முதல் சந்தேகம் 12,75,000 என்ற அந்தச் சுத்தமான எண்ணின் மேல். இது ஃபார்ம் 16இல் உள்ள மொத்தச் சம்பளமா, அல்லது வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரில் போட்ட சி.டி.சி.யா? சி.டி.சி.யில் பெரும்பாலும் கம்பெனி தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதியும், கிராஜுவிட்டிக்கு என்று ஒதுக்கும் தொகையும் சேர்ந்திருக்கும். வருங்கால வைப்பு நிதியில் கம்பெனியின் பங்கு, வரம்புக்குள் இருக்கும்வரை, உங்கள் வரிக்குரிய சம்பளத்தில் வராது. கிராஜுவிட்டி ஒதுக்கீடும் உங்கள் கைக்கு வராத பணம். மாதம் 1,800 வீதம் கம்பெனி பங்கு 21,600 மட்டும் அதில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சம்பளம் 12,53,400 ஆகிவிடும். கழிவு போக, வட்டி சேர்த்து மொத்த வருமானம் 12,16,400. வரி 16,400, செஸ் 656, மொத்தம் 17,056. ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் வரி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. வருமானம் இந்த இடத்தில் இருக்கும்போது வரியைச் சரிபார்ப்பதைவிட வருமானத்தைச் சரிபார்ப்பது முக்கியம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் உங்கள் சொந்த சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். பங்கைக் கழித்துவிடாதீர்கள். புதிய முறையில் அதற்குக் கழிவு இல்லை.

இரண்டாவது, 38,000 வட்டி. இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? வருமான வரி போர்ட்டலில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்திருந்தால், வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டுக் கணக்கு என்றால் முழு வட்டியும் முதல் பெயரில் உள்ளவரின் பான் எண்ணில் ஏறியிருக்கும். உங்கள் அம்மாவின் பணத்துக்கு நீங்கள் முதல் பெயராக நிற்கிறீர்கள் என்றால், பணம் அவருடையது என்று காட்ட ஆதாரம் இருக்கும்வரை அந்த வட்டி அவருடைய வருமானம். முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் டெபாசிட் இருந்தால், போன வருடங்களில் ஏற்கெனவே வருமானமாகக் காட்டிய வட்டி இந்த வருடம் மறுபடி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பி.பி.எஃப். வட்டியைத் தவறி இதில் கூட்டியிருந்தால் எடுத்துவிடலாம், அதற்கு வரி இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. போன வருட ரீஃபண்டோடு வந்த வட்டி வரிக்குரியது. அது விடுபட்டிருந்தால் சேர்க்க வேண்டும். அறிக்கையில் உள்ள தகவல் தப்பு என்றால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிவு செய்துவிட்டுச் சரியான தொகையை ரிட்டர்னில் போடுங்கள். குறைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பின்னால் நோட்டீஸ் வரும்.

கழிவுகளைப் பொறுத்தவரை நல்ல செய்தி அதிகமில்லை. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 வரை கழிக்கும் 80டிடிஏ, 80சி, மருத்துவக் காப்பீடு, தொழில் வரி எதுவும் புதிய முறையில் கிடையாது. நீங்களாகத் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போட்ட 50,000 ரூபாயும் செல்லாது. அதே திட்டத்தில் கம்பெனி உங்கள் பெயரில் கட்டியிருந்தால் மட்டும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழிக்கலாம், பிரிவு 80சிசிடி(2). அது ஃபார்ம் 16இலேயே தெரியும். நிதியாண்டு முடிந்துவிட்டதால் இந்த வருடத்துக்கு இனி அதை உருவாக்க முடியாது. ஆனால் அடுத்த வருடத்துக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்த வழியாகக் கட்டுமாறு கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 5 லட்சம் என்றால் 70,000 வரை இடம் இருக்கிறது. உங்களுக்குத் தேவை 38,000 தான்.

பழைய முறைக்கு மாறினால் என்ன என்று யாராவது சொல்வார்கள். தொழில் வருமானம் இல்லாத நீங்கள் உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் ரிட்டர்னிலேயே மாறிக்கொள்ளலாம், அதில் தடை இல்லை. லாபம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய முறையில் வரி 38,000 ஆக வேண்டும் என்றால் வரிக்குரிய வருமானம் 6,27,500 ரூபாய்க்கு இறங்க வேண்டும். உங்கள் சம்பளமும் வட்டியும் சேர்த்து 13,13,000. எனவே மொத்தக் கழிவு 6,85,500 தேவை. நிலையான கழிவு அங்கே 50,000 தான். 80சி 1.5 லட்சம், ஓய்வூதியத் திட்டம் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என்று எல்லாவற்றையும் உச்சம்வரை போட்டாலும் 4,75,000 தான் ஆகிறது. அதற்கு மேல் 2,10,500 ரூபாய்க்கு வீட்டு வாடகைப்படி விலக்கு இருந்தால்தான் சமம் ஆகும். சொந்த வீட்டுக்குக் கடனும் கட்டிக்கொண்டு, வேறு ஊரில் பெரிய வாடகையும் கொடுப்பவர்களுக்குச் சாத்தியம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

டெபாசிட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொல்வார்கள். உங்கள் பணத்தை மனைவிக்கு இனாமாகக் கொடுத்து அவர் டெபாசிட் போட்டால், அந்த வட்டி பிரிவு 64இன்படி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். பெற்றோருக்கோ 18 வயது நிறைந்த பிள்ளைக்கோ உண்மையாகவே கொடுத்துவிட்டால் அப்படிச் சேராது. ஆனால் கொடுத்த பணம் அப்புறம் அவர்களுடையது, அதைப் புரிந்துகொண்டு செய்யுங்கள்.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். மேலே போட்ட கணக்கு, உங்களிடம் சம்பளமும் வட்டியும் மட்டும் இருக்கிறது என்பதை வைத்துப் போட்டது. பங்கு விற்ற லாபம் சிறிது இருந்தாலும் கதை மாறும். அந்த லாபமும் மொத்த வருமானத்தில் சேர்ந்து 12 லட்ச வரம்பைத் தின்னும், ஆனால் அதன் மேல் தனி விகிதத்தில் வரும் வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் என் எண்களை வைத்துக்கொண்டு கட்டாதீர்கள், ஒரு தணிக்கையாளரிடம் காகிதங்களோடு போய் உட்காருங்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் 12,38,000 தான் என்றால், ஜூலை முடிவதற்குள் கட்டிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் தேதி ஆனால் 234பி வட்டி இன்னொரு 395 ஏறும். தாக்கல் தேதியைத் தாண்டினால் தாமதக் கட்டணமும் உண்டு. கட்டும்போது சுயமதிப்பீட்டு வரி என்பதையும், மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்பதையும் தேர்ந்தெடுங்கள். இந்த வருடம் இங்கே ஒரு புதுக் குழப்பம் இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் "வரி ஆண்டு 2026-27" என்று ஒன்று வருகிறது. அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வருடத்தின் வருமானத்துக்கு. நீங்கள் கட்டுவது போன வருட வருமானத்துக்கான, 1961 சட்டத்தின் கீழ் வரும் மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதால் மாற்றிக் கட்டிவிட வாய்ப்பு அதிகம். கட்டிய சலான் விவரம் ரிட்டர்னில் ஏறி, கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று காட்டிய பிறகு தாக்கல் செய்யுங்கள். தாக்கல் செய்த கையோடு, இந்த வருட வட்டி வருமானத்தை உங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களே மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். அந்த 3,571 அடுத்த முறை வராது.